செக்கில் தொகையைத் தமிழில் எழுதினால் செல்லுமா?

கேள்வி: "மனை வாங்க ரூ.4,98,750-க்கு செக் கொடுக்க வேண்டும். எனக்கு இங்கிலீஷ் எழுத வராது. தமிழில் எழுதினால் பேங்கில் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்கிறார் புரோக்கர். நீங்கள் கையெழுத்தை மட்டும் போடுங்கள், மற்றதை நானே நிரப்பிக்கொள்கிறேன் என்கிறார். தமிழில் எழுதலாமா? எழுதினால் எப்படி எழுத வேண்டும்?" – வாசகர், திண்டிவனம்

பதில்: தாராளமாக எழுதலாம். இந்தி, ஆங்கிலம், அந்தந்த வட்டார மொழி ஆகியவற்றில் எதில் வேண்டுமானாலும் வாடிக்கையாளர் செக் எழுதலாம் என்று ரிசர்வ் வங்கியே சொல்லியிருக்கிறது. கவுன்டரில் இருப்பவருக்கு அது தெரியவில்லை என்றால் அது உங்கள் குற்றமல்ல. "தமிழ் செல்லாது" என்றால், அதை எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரும்படி கிளை மேலாளரிடம் கேளுங்கள். எழுதித் தரமாட்டார்கள், செக்கை வாங்கிக்கொள்வார்கள்.

உங்கள் தொகைக்கு எழுத வேண்டியது இதுதான்:

நான்கு லட்சத்து தொண்ணூற்று எட்டாயிரத்து எழுநூற்று ஐம்பது மட்டும்

'ரூபாய்' என்பது இந்தியிலும் ஆங்கிலத்திலும் அந்தக் கோட்டின் தொடக்கத்திலேயே அச்சாகியிருக்கும். தமிழில் இன்னொரு முறை எழுதினாலும் தவறில்லை. லட்சம், இலட்சம் இரண்டும் சரிதான். 'லட்சத்துத் தொண்ணூற்று' என்று ஒற்றுப் போட்டு எழுதுவது இலக்கணம். போடாவிட்டால் எந்த வங்கியும் செக்கைத் திருப்பாது.

சேர்த்து எழுதும் முறை எளிது. பின்னால் இன்னும் தொகை வருகிறது என்றால் லட்சம் 'லட்சத்து' ஆகும், ஆயிரம் 'ஆயிரத்து' ஆகும், நூறு 'நூற்று' ஆகும். கடைசியில் நிற்பது மட்டும் முழுதாக நிற்கும். உங்கள் தொகை 4,98,000 ஆக இருந்திருந்தால் 'எட்டாயிரம் மட்டும்' என்று முடிந்திருக்கும். 4,98,050 என்றால் நூறு என்ற பேச்சே வராது. 'எட்டாயிரத்து ஐம்பது மட்டும்' என்று நேராகப் போய்விட வேண்டும்.

அதிகம் பேர் தவறுவது ஒன்பதில்தான். 90 என்பது தொண்ணூறு, 900 என்பது தொள்ளாயிரம், 9,000 என்பது ஒன்பதாயிரம். தொண்ணூறு 'நூறு' என்று முடிந்தாலும் பத்துகளின் கணக்கு. தொள்ளாயிரம் 'ஆயிரம்' என்று முடிந்தாலும் நூறுகளின் கணக்கு. அவசரத்தில் 1,900-க்கு 'ஆயிரத்து தொண்ணூறு' என்று எழுதிவிடுகிறார்கள். அது 1,090. எண்பதும் எண்ணூறும், எழுபதும் எழுநூறும் அதேபோல இடம் மாறும். உங்கள் தொகையில் 98-ம் இருக்கிறது, 700-ம் இருக்கிறது. எழுதி முடித்ததும் வாய்விட்டுப் படித்து, எண்ணோடு ஒத்துப் பாருங்கள். 'தொண்ணூத்தி', 'எழுநூத்தி' என்று பேசுகிற மாதிரியே எழுதிவிட்டாலும் தொகை மாறாது. ஆனால் வேறு தொகையாகப் படிக்க இடம் கொடுக்கும் எழுத்துப் பிழை வேண்டாம்.

எண்ணும் எழுத்தும் வேறுபட்டால், எழுத்தில் உள்ள தொகையே கொடுக்க வேண்டிய தொகை என்கிறது 1881-ம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டம், பிரிவு 18. சட்டம் இவ்வளவு தெளிவாகச் சொல்லியும் வங்கிகள் என்ன செய்கின்றன? 'எழுத்தும் எண்ணும் வேறுபடுகிறது' என்று காரணம் போட்டு செக்கைத் திருப்பிவிடுகின்றன. சில வங்கிகள் அதற்குக் கட்டணமும் பிடிக்கின்றன. ஆகவே சட்டத்தை நம்பி அலட்சியமாக இருக்காதீர்கள்.

தப்பாகிவிட்டால் அடித்துத் திருத்திப் பக்கத்தில் கையெழுத்துப் போடும் பழைய வழக்கம் இப்போது எடுபடாது. கிளியரிங்குக்கு இப்போது செக்கின் படம்தான் போகிறது. அந்த முறை வந்த பிறகு, தேதியைத் தவிர வேறு எதிலும் திருத்தம் இருக்கக் கூடாது. கெட்டுப்போன தாளில் குறுக்கே கோடு போட்டு 'ரத்து' என்று எழுதி வைத்துக்கொண்டு, புதுத் தாளில் எழுதுங்கள்.

ஒரே ஒரு இடத்தில் தமிழ் சிக்கலாகலாம். 'வட்டார மொழி' என்பது உங்கள் கணக்கு இருக்கும் ஊரைப் பொறுத்தது. கணக்கு திண்டிவனத்தில் இருந்தால் கவலையில்லை. பெங்களூரில் வேலை பார்த்தபோது அங்கே தொடங்கிய கணக்கின் செக் புத்தகம் என்றால் தமிழில் எழுதாதீர்கள். அங்கே வட்டார மொழி கன்னடம். செக்கை வாங்குபவர் எந்த ஊரில் போடுகிறார் என்பதைவிட, பணம் எந்தக் கிளையில் இருந்து போகிறது என்பதே முக்கியம். படத்தைப் பார்த்துப் பணத்தை விடுவிப்பது உங்கள் வங்கிதான். அப்படிப்பட்ட கணக்கு என்றால் ஆங்கில வரியைக் குடும்பத்தில் ஒருவரைக் கொண்டு எழுதிக்கொள்ளுங்கள். புரோக்கரைக் கொண்டு வேண்டாம்.

இனி புரோக்கர் விஷயம். கையெழுத்து மட்டும் போட்ட வெற்றுச் செக்கை யாருக்கும் கொடுக்காதீர்கள். "நான் நிரப்பவில்லை, அவர்தான் நிரப்பினார்" என்பது நீதிமன்றத்தில் தப்பிக்கும் வழி அல்ல. கையெழுத்துப் போட்டு விருப்பத்தோடு கொடுத்த செக்கை வேறொருவர் நிரப்பியிருந்தாலும், அது ஒரு கடனுக்காகக் கொடுக்கப்பட்டது என்றே சட்டம் முதலில் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு உங்களுடையது. 2019-ல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது.

நீங்களே நிரப்பினாலும் தொடக்கத்தில் இடைவெளி விடாதீர்கள். 'நான்கு'க்கு முன்னால் இரண்டு விரல் அகலம் இடம் இருந்தால் அங்கே 'இருபத்து' நுழைந்துவிடும். கட்டத்தில் 4-க்கு முன்னால் ஒரு 2 விழும். உங்கள் 4,98,750 கண் முன்னால் 24,98,750 ஆகிவிடும். ஆங்கிலத்தைப் போலவே தமிழிலும் இது எளிது, ஏனென்றால் பெரும்பாலும் முன்னால் ஒரு சொல் சேர்ந்தாலே போதும். அச்சான 'ரூபாய்' என்ற சொல்லை ஒட்டியே தொடங்குங்கள். கட்டத்திலும் இடது ஓரத்தை ஒட்டி 4,98,750/- என்று எழுதுங்கள். 'மட்டும்' எழுதியபின் மீதமுள்ள கோட்டில் ஒரு கீறல் இழுத்துவிடுங்கள். பேனா உங்களுடையதாக இருக்கட்டும். எதிரில் இருப்பவர் நீட்டும் பேனாவில் அழிகிற மை இருக்கலாம். அந்த மோசடி நிறைய நடக்கிறது. தொகை 50,000-க்கு மேல் என்பதால் 'பாசிட்டிவ் பே' வசதியில் செக் எண்ணையும் தொகையையும் முன்கூட்டியே வங்கிக்குத் தெரிவித்துவிடுங்கள். அதன் பிறகு யார் எதைச் சேர்த்தாலும் தொகை ஒத்துப்போகாமல் மாட்டிக்கொள்ளும்.

மனைக்காரரிடம் ரசீது வாங்கும்போதும் தொகையை இதே வார்த்தைகளில் எழுதச் சொல்லுங்கள். செக் எண், தேதி, வங்கியின் பெயர் மூன்றும் அதில் இருக்க வேண்டும். ரூ.5,000-க்கு மேற்பட்ட ரசீது என்பதால் ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டி, அதன் மேல் ஏறுகிற மாதிரி அவர் கையெழுத்துப் போட வேண்டும். புரோக்கர் தன் கையெழுத்தில் தரும் ரசீது, மனைக்காரர் பணம் வாங்கியதற்குச் சாட்சியாகாது.