நாற்பது பேருக்கும் ஒரே மெயில் வேண்டாம்

"எங்கள் மருத்துவமனைக்குப் புது பில்லிங் மென்பொருள் வருகிறது. 40 பேருக்கு வாராவாரம் மெயில் அனுப்புகிறேன், யாரும் படிப்பதில்லை."

மெயிலை நிறுத்திவிட்டு, 40 பெயரையும் ஒரு தாளில் எழுதுங்கள். ஒவ்வொருவருக்கும் இரண்டு கேள்வி. இவர் "வேண்டாம்" என்று சொன்னால் திட்டம் நின்றுவிடுமா? மென்பொருள் வந்த மறுநாள் இவர் வேலை மாறுமா?

இரண்டுக்கும் ஆம் என்றால், உதாரணமாகக் கணக்குப் பிரிவுத் தலைவர், வாரம் 15 நிமிடம் நேரில் பேசுங்கள். நிறுத்தும் அதிகாரம் மட்டும் உள்ள இயக்குநருக்கு மாதம் ஒரு பக்கம் போதும். அவர் எடுக்க வேண்டிய முடிவு முதல் வரியில் இருக்கட்டும்.

கோட்டை விடுவது மூன்றாவது வகையில்தான்: வேலை முழுக்க மாறும், அதிகாரம் இருக்காது. நான் வேலை பார்த்த இடத்தில் இரவு கேஷ் கவுண்டர்காரர்களை விட்டுவிட்டோம். அவர்களுக்கு ஆபீஸ் மெயிலே கிடையாது. முதல் இரவு பில் எல்லாம் கையால் எழுதினார்கள், காலையில் அத்தனையையும் திரும்பப் பதிய வேண்டியதாயிற்று. இவர்களுக்கு ஷிஃப்ட் மாறும் நேரத்தில் கவுண்டருக்கே போய்த் திரையைக் காட்டுங்கள்.

அப்புறம், "பில் தப்பானால் யாரைக் கூப்பிடுவீர்கள்?" என்று அவர்களிடம் கேளுங்கள். மருந்தகம், இன்சூரன்ஸ் டெஸ்க் என்று உங்கள் தாளில் இல்லாத பெயர்கள் வரும்.