ஆப்டிட்யூட் தேர்வு: எங்கே அவசரப்படலாம், எங்கே கூடாது

கேள்வி: கேம்பஸ் வேலைக்கான ஆப்டிட்யூட் தேர்வில் நிதானமாகப் போட்டால் பாதிதான் முடிகிறது, வேகமாகப் போட்டால் தப்பாகிறது. கணக்கு, வெர்பல் இரண்டிலும் இதே கதை. நேரத்தை எப்படிப் பிரிப்பது? (திருவாரூர் பக்கம், பி.எஸ்சி.)

கும்பகோணத்தில் கடைசி வருட மாணவர்களுக்கு இந்த வகுப்புதான் எடுக்கிறேன். நான் பார்த்தவரை நேரத்தைத் தின்பது கணக்கு, தப்பை உண்டாக்குவது வாசிப்பு. ஆனால் அவசரம் வந்ததும் எல்லோரும் வாசிப்பைச் சுருக்கிவிட்டு, வகுத்தலை மட்டும் கடைசி தசமம் வரை போடுகிறார்கள்.

நம்மூர்க் கணக்கு ஒன்றைப் பாருங்கள் (எண்கள் நான் போட்டவை). மூன்று நெல் கொள்முதல் நிலையங்கள். போன வருடமும் இந்த வருடமும் வந்த நெல், டன்னில்:

அ: 4,180, பிறகு 4,790
ஆ: 6,240, பிறகு 6,810
இ: 2,930, பிறகு 3,460

சதவீதத்தில் அதிகம் வளர்ந்தது எது? மூன்றுக்கும் வகுக்க உட்கார்ந்தால் ஒன்றரை நிமிடம் போய்விடும். கூடுதலை மட்டும் எடுங்கள்: 610, 570, 530. ஆ-வுக்கு அடித்தளம் பெரியது, கூடுதலோ அ-வைவிடக் குறைவு. அதனால் அது போயிற்று. 2,930-இல் ஆறில் ஒரு பங்கு 490-க்குச் சற்றுக் குறைவு, 530 அதைத் தாண்டுகிறது. 4,180-இல் ஆறில் ஒரு பங்கு ஏறக்குறைய 700, 610 அதைத் தொடவில்லை. விடை இ.

அடுத்த கேள்வி, இ எத்தனை சதவீதம் வளர்ந்தது? விடைகள் 15.3, 18.1, 22.4, 26.5 என்று வைத்துக்கொள்வோம். 10 சதவீதம் 293, 20 சதவீதம் 586. நம் 530 இருபதுக்குக் கொஞ்சம் கீழே, 15 சதவீதமான 440-க்கு நன்றாக மேலே. 18.1 தான். 15.3 எங்கிருந்து வந்தது தெரியுமா? 530-ஐ இந்த வருடத்து 3,460-ஆல் வகுத்தால் வருவது அது. கேள்வி தயாரிப்பவர்கள் தப்பான விடைகளைச் சும்மா போடுவதில்லை. நாம் எங்கே சறுக்குவோம் என்று பார்த்துத்தான் போடுகிறார்கள். அதனால் 'என் விடை பட்டியலில் இருக்கிறது' என்பதை வைத்து அது சரி என்று நம்பிவிடாதீர்கள். எந்த வருடம் அடித்தளம், எண்கள் டன்னா ஆயிரம் டன்னா, எந்த வரிசை என்று பார்க்க ஐந்து விநாடி செலவழிப்பதில் தப்பில்லை. ஆனால் விடைகள் 18.1, 18.4 என்று நெருங்கி நின்றால் தோராயம் உதவாது, முழுசாகப் போட வேண்டியதுதான்.

கேள்விக்கு ஒரு நிமிடம் என்று சமமாகப் பிரிப்பதும் ஏமாற்றும். ஒரு அட்டவணைக்கு நான்கு கேள்வி, மொத்தம் நான்கு நிமிடம் என்றால், முதல் ஒரு நிமிடம் அட்டவணைக்கே போகட்டும். தலைப்பு, அலகு, அடிக்குறிப்பு எல்லாம் அதில் முடிந்துவிட்டால் அப்புறம் ஒவ்வொன்றும் 45 விநாடியில் முடியும். அட்டவணையைப் பார்த்தபின் 20 விநாடியில் வழி தெரியாத கேள்வியை விட்டுவிட்டு நகருங்கள். திரும்பி வர முடியாத தேர்வு என்றால், நிச்சயம் தப்பானவற்றை நீக்கிவிட்டு மிச்சத்தில் ஒன்றைத் தட்டிவிட்டுப் போங்கள்.

மைனஸ் மார்க் இருந்தால்? நான்கு விடையில் ஒன்று சரி, தப்புக்கு மூன்றில் ஒரு மார்க் போகும் என்றால், கண்ணை மூடி அடிப்பதில் சராசரியாக லாபமும் இல்லை, நட்டமும் இல்லை. ஒரு விடையை உறுதியாக நீக்க முடிந்தாலே அடிப்பது லாபம். மைனஸ் இல்லை என்றால் எதையும் காலியாக விடாதீர்கள். இதைத் தேர்வுக்கு முன் வரும் விதிமுறைப் பக்கத்திலேயே பார்த்துவிடுங்கள்.

வெர்பலில் நம்ம ஊர்க்காரர்களுக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. பத்தியைப் படித்து True, False, Cannot Say என்று குறிக்கும் வகையைச் சொல்கிறேன். மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12-இல் திறக்கப்படும் என்றும், ஒரு வருடம் தாமதமானபோது சில விவசாயிகள் போர்வெல் நீரில் குறுவை போட்டார்கள் என்றும் பத்தி சொல்கிறது. 'அந்த வருடம் குறுவைப் பரப்பு குறைந்தது' என்பது கூற்று. டெல்டாப் பிள்ளை உடனே True என்று அடிக்கும். பத்தியில் பரப்பு பற்றி ஒரு வார்த்தை கிடையாது, விடை Cannot Say. தெரிந்த விஷயம் வந்தால்தான் இங்கே நிதானம் வேண்டும்.

பத்தியை ஒரே தடவை, எந்த வரியில் எது இருக்கிறது என்பதற்காக மட்டும் படியுங்கள். பிறகு கூற்றைப் படித்து அதற்குரிய வரிக்குப் போங்கள். False என்று குறிக்க, எதிராகச் சொல்லும் வரி ஒன்றை விரலால் தொட்டுக் காட்ட முடிய வேண்டும். 'எல்லா', 'மட்டுமே', 'சில' போன்ற சொல் கூற்றில் இருந்தால் பத்தியிலும் அதே அளவுக்குச் சொல்லியிருக்கிறதா என்று பாருங்கள். உரிய வரிகளைப் பார்த்தும் ஆதாரமோ எதிர்ப்போ இல்லையென்றால் Cannot Say போட்டு நகர வேண்டும். பத்தியை முதலிலிருந்து மறுபடி படிக்க ஆரம்பிப்பதில்தான் நேரம் போகிறது.