தென்னை மட்டை நிழலும் தகர டப்பா சத்தமும்

கேள்வி: ஐயா, வலங்கைமான் பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியையாக இருக்கிறேன். தஞ்சாவூரில் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் பற்றி ஒன்றரை மணி நேரச் சொற்பொழிவு ஒன்றைக் கேட்டு 12 பக்கம் குறிப்பு எடுத்து வந்தேன். அதையே காலை வழிபாட்டில் 7 நிமிடத்துக்குள், ஒரு எளிய செய்முறையோடு சொல்லுங்கள் என்கிறார் ஹெச்.எம். 140 பிள்ளைகள். ஒன்றாம் வகுப்பும் இருக்கிறது, எட்டாம் வகுப்பும் இருக்கிறது. எதை எடுப்பது, எதை விடுவது?

பதில்: டீச்சர், காற்றாலை, சாண எரிவாயு, கடலலை எல்லாவற்றையும் வகுப்பறைக்கு வைத்துக்கொள்ளுங்கள். வழிபாட்டுக்கு ஒரே ஒரு கேள்வி போதும். சோலார் பேனலில் ஒரு மூலையில் மட்டும் நிழல் விழுந்தால் என்ன ஆகும்?

இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. என் வீட்டு மாடியில் பேனல் வைத்தது ஓர் ஆனி மாதம். தெற்கே பக்கத்துக் கொல்லையில் 45 அடி உயரத் தென்னை. அதன் நிழல் மாடிப் பக்கமே வராததால் நான் அதை யோசிக்கவே இல்லை. நம் ஊரில் ஆனியில் உச்சிவெயில் தலைக்கு நேரே நிற்காமல் கொஞ்சம் வடக்கே போய்விடுகிறது, அதனால் தெற்கே நிற்கிற மரத்தின் நிழல் நம் பக்கம் விழாது. மார்கழியில் சூரியன் தெற்கே நன்றாகச் சாய்ந்துவிட்டது. அதே மரத்தின் நிழல் நண்பகலில் 30 அடி நீண்டு வந்து பேனல் மேல் படுத்தது. இரண்டு மட்டைகளின் நிழல்தான். பேனல்களில் கால்வாசி கூட மறையவில்லை. மீட்டரில் பார்த்தால் உற்பத்தி பாதிக்கும் கீழே இறங்கியிருந்தது. ஏன் இவ்வளவு என்று அன்றைக்கு எனக்கு வந்த கேள்வியையே உங்கள் பிள்ளைகளுக்கும் வர வைக்கலாம். வரப்பெல்லாம் தென்னை நிற்கிற ஊரில் பம்ப்செட்டுக்கு சோலார் வைக்கப் போகிறவர்கள் அவர்கள் வீட்டார்தானே.

வாங்க வேண்டியவை கொஞ்சம்தான். 6 வோல்ட், 3 வாட் சிறு பேனல் ஒன்று. 3 முதல் 6 வோல்ட் வரை ஓடுகிற, தண்ணீருக்குள் முக்கி வைக்கிற குட்டி பம்ப் ஒன்று. மாணவர் புராஜெக்ட்டுக்குப் பொருள் விற்கிற எலெக்ட்ரானிக்ஸ் கடையில் இரண்டும் கிடைக்கும். மீன் தொட்டிக் கடையில் பம்ப் வாய்க்குப் பொருந்துகிற, உள்ளே தண்ணீர் தெரிகிற பிளாஸ்டிக் டியூப் இரண்டு அடி வாங்குங்கள். பக்கெட் ஒன்று, பழைய பால்பவுடர் தகர டப்பா ஒன்று பள்ளியிலேயே இருக்கும். பேட்டரி வேண்டாம். வெயில் பட்டால் ஓட வேண்டும், படாவிட்டால் நிற்க வேண்டும். பிள்ளைகளுக்கு அது கண்ணெதிரே தெரிய வேண்டும்.

தகர டப்பா எதற்கு என்று கேட்பீர்கள். 140 பேர் நிற்கிற மைதானத்தில் கடைசி வரிசைக்கு இந்தக் குட்டி டியூபில் ஏறுகிற தண்ணீர் தெரியாது. என்ன கலர் கலந்தாலும் தெரியாது. அதனால் கண்ணுக்குப் பதில் காதுக்குக் காட்டுவோம். டியூப் நுனியை பக்கெட் தண்ணீர் மட்டத்துக்கு ஓர் அடி மேலே ஒரு குச்சியில் கட்டுங்கள். கவிழ்த்து வைத்த தகர டப்பாவின் மேல் தண்ணீர் விழுந்து மறுபடி பக்கெட்டுக்கே வடிகிற மாதிரி வையுங்கள். மைக்கைத் தண்ணீர் தெறிக்காத தூரத்தில் டப்பா பக்கம் திருப்பிவிடுங்கள். சடசடவென்று ஓட்டு வீட்டில் மழை பெய்கிற சத்தம் கேட்கும். பேனலில் நிழல் விழுந்தால் அந்தச் சத்தம் நிற்கும், கடைசி வரிசைக்கும் உடனே புரியும்.

முந்தின நாளே, வழிபாடு நடக்கிற அதே நேரத்தில், அதே இடத்தில் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். பகல் 12 மணிக்கு ஓடியது காலை 9.15-க்கு ஓடும் என்று நம்பாதீர்கள். காலை ஒன்பது மணி வெயில் நம் பக்கம் மார்கழியில் 30 டிகிரிக்குக் கொஞ்சம் மேலே, பங்குனியில் 40 டிகிரி உயரத்தில் நிற்கிறது. பேனலை மேசையில் மல்லாக்கப் போட்டால், நேர் வெயிலில் பாதியிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு வரைதான் அதன் மேல் விழும். பம்ப் முனகிவிட்டு நின்றுவிடும். பேனலைக் கிழக்குப் பார்த்துச் சாய்த்து வையுங்கள். சரியான சாய்வைக் கண்டுபிடிக்க ஒரு பென்சிலைப் பேனல் மேல் செங்குத்தாக நிறுத்துங்கள். நிழல் நீளமாக விழுந்தால் இன்னும் திருப்ப வேண்டும். பென்சில் நிழல் அதன் அடிக்குள்ளேயே சுருங்கி மறைந்தால் வெயில் நேராக விழுகிறது. அந்த நிலையில் செங்கல் முட்டுக் கொடுத்துவிடுங்கள். அப்போதும் தண்ணீர் சோம்பலாக ஏறினால் பம்ப் வயர் மாறியிருக்கும், சிவப்பைச் சிவப்போடு சேர்த்துப் பாருங்கள். மோட்டார் சத்தம் மட்டும் வந்து தண்ணீர் வரவில்லையென்றால் உள்ளே காற்று அடைத்திருக்கிறது, பம்பைத் தண்ணீருக்குள்ளேயே சாய்த்து ஆட்டினால் குமிழி வெளியேறிவிடும். பம்பைத் தண்ணீருக்கு வெளியே ஓட விடவே கூடாது, கெட்டுவிடும்.

இன்னொன்று. பேனலை உற்றுப் பாருங்கள். அது ஒரே கண்ணாடித் துண்டு மாதிரி தெரிந்தாலும் உள்ளே பட்டை பட்டையாகப் பிரிந்திருக்கும். அந்த ஒவ்வொரு பட்டையும் ஒரு செல். 6 வோல்ட் பேனலில் சாதாரணமாக 12 செல் இருக்கும், ஒவ்வொன்றும் அரை வோல்ட். ஒரு செல்லின் அளவுக்குச் சரியாக ஒரு கறுப்பு அட்டை வெட்டிக்கொள்ளுங்கள். அதைப் பேனலோடு ஒட்டியே வைக்க வேண்டும். கையைத் தூக்கிப் பிடித்து நிழல் விழச் செய்தால் சுற்றிலுமிருந்து வெளிச்சம் உள்ளே கசிந்து பம்ப் ஓடிக்கொண்டே இருக்கும், செய்முறை படுத்துவிடும். மலிவான சில பேனல்களில் ஒரு செல்லை மூடினாலும் கொஞ்சம் ஓடும். உங்களுடையது அப்படியா என்று முந்தின நாளே தெரிந்துவிடும். அப்படியென்றால் இரண்டு செல் அளவுக்கு அட்டை வெட்டுங்கள், பிள்ளைகளிடமும் இரண்டு செல் என்றே சொல்லுங்கள்.

இப்போது பேச்சு. முதலில் தண்ணீர் சத்தத்தைக் கேட்க விடுங்கள், நீங்கள் பேசாதீர்கள். பிறகு, "இதில் பேட்டரி இல்லை, லைன் கரண்ட் இல்லை, வெயில்தான் தண்ணீர் இறைக்கிறது" என்று மட்டும் சொல்லுங்கள். அட்டையைத் தூக்கிக் காட்டுங்கள். "இந்தப் பேனலில் 12 பட்டை. நான் ஒன்றை மட்டும் மூடப் போகிறேன். தண்ணீர் எவ்வளவு குறையும்? கொஞ்சமா, பாதியா, முழுக்க நிற்குமா?" ஒவ்வொன்றுக்கும் கையைத் தூக்கச் சொல்லுங்கள். கொஞ்சம் என்பதற்குத்தான் பெரும்பாலும் கை ஏறும். 12-ல் ஒரு பங்கு போனால் ஒரு பங்குதானே குறையும் என்று அவர்கள் போடுகிற கணக்கு நியாயமானதுதான். அந்தக் கணக்கை அவர்கள் வாயால் சொன்ன பிறகுதான் அட்டையை வைக்க வேண்டும். முன்பே விடையைச் சொல்லிவிட்டால் சத்தம் நிற்பதில் ஒன்றுமே இருக்காது.

அட்டையை வைக்கிறீர்கள். சடசட சத்தம் நிற்கிறது. எடுக்கிறீர்கள், மறுபடி மழை. மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒன்றை அழைத்து அதன் கையால் இன்னொரு முறை வைக்கச் சொல்லுங்கள். வருகிற பிள்ளை மேசைக்கு மேற்கே நிற்கட்டும், கிழக்கே நின்றால் அதன் நிழலே பேனலை மூடிவிடும். ஆசிரியர்களும் அந்தப் பக்கம் கூடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

காரணத்தை நம் வாய்க்காலை வைத்தே சொல்லலாம். 12 செல்லும் ஒரே வாய்க்காலில் அடுத்தடுத்து இருக்கிற 12 மடை மாதிரி. முதல் மடையைத் தாண்டி வந்த தண்ணீர்தான் இரண்டாவது மடைக்கு, அதைத் தாண்டியதுதான் மூன்றாவதுக்கு. நடுவில் ஒரு மடையில் பலகை போட்டு அடைத்தால் மற்ற 11 மடை திறந்திருந்தும் கடைமடைக்குத் தண்ணீர் வராது. செல்களையும் இப்படித்தான் ஒரே வரிசையில் கோர்த்திருக்கிறார்கள், ஒரே மின்னோட்டம் எல்லாவற்றையும் கடந்து வர வேண்டும். கடைமடை என்ற சொல்லுக்கு உங்கள் ஊர்ப் பிள்ளைகளிடம் விளக்கம் சொல்ல வேண்டியிருக்காது.

எட்டாம் வகுப்பில் யாராவது, "எங்கள் வீட்டு மாடி பேனலில் காக்கா உட்கார்ந்தால் எல்லாம் நின்றுவிடுமா?" என்று கேட்கலாம். நிற்காது. பெரிய பேனலில் 60, 72 என்று செல்கள் இருக்கும். அவற்றை வழக்கமாக மூன்று பகுதியாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் பைபாஸ் டையோடு என்ற ஒரு சிறு பாகம் வைத்திருப்பார்கள். ஒரு பகுதி அடைபட்டால் மின்னோட்டம் அதைச் சுற்றிக்கொண்டு போய்விடும், வாய்க்காலில் அடைப்பு வந்தால் பக்கவாட்டில் வெட்டிவிடுவது மாதிரி. அதனால் ஒரு செல் முழுக்க மறைந்தால் அந்தப் பேனலின் உற்பத்தியில் மூன்றில் ஒரு பங்கு போகும், முழுதும் போகாது. உங்கள் குட்டிப் பேனலில் அந்த டையோடு கிடையாது. அதிலும் மின்சாரம் அடியோடு போய்விடவில்லை, பம்பைச் சுழற்றப் போதாமல் போகிறது, அவ்வளவுதான். இந்த வித்தியாசத்தைக் கேட்ட பிள்ளைக்கு அப்படியே சொல்லுங்கள். 'நிழல் பட்டால் சோலார் வேலை செய்யாது' என்று வீட்டில் போய்ச் சொல்லிவிடக் கூடாது.

இன்னொரு கேள்வியும் வரும். கஜா புயல் 2018 நவம்பரில் அடித்தபோது நாள் கணக்கில் கரண்ட் இல்லாமல் தவித்த பகுதி இது. "சோலார் இருந்திருந்தால் கரண்ட் வந்திருக்குமா?" என்று கேட்டால் உடனே ஆமாம் என்று சொல்லிவிடாதீர்கள். மின்வாரிய லைனோடு மட்டும் இணைத்த, பேட்டரி இல்லாத மாடி சோலார், லைனில் கரண்ட் போனதும் தானாகவே நின்றுவிடும். கம்பத்தில் ஏறி வேலை பார்க்கிறவர் மேல் கரண்ட் பாய்ந்துவிடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. பேட்டரி வைத்ததும், உங்கள் பக்கெட் பம்ப் மாதிரி லைனைச் சாராமல் நேராக ஓடுவதும்தான் அப்போதும் ஓடும்.

இவ்வளவுக்கும் 5 நிமிடம் ஆகும். மீதி இரண்டு நிமிடத்தில் ஒரு வேலை கொடுங்கள். நம் பள்ளி மொட்டைமாடியில், காலை 9 முதல் மாலை 3 வரை எந்த நிழலும் விழாத இடம் எது? ஆறு, ஏழு, எட்டாம் வகுப்பிலிருந்து இரண்டிரண்டு பேர், ஓர் ஆசிரியர் கூட இருக்க, மணிக்கு ஒருமுறை போய் நிழலின் ஓரத்தைச் சாக்பீஸால் கோடு போட்டு, பக்கத்தில் நேரத்தை எழுதட்டும். அதே இடத்தில் மார்கழியில் ஒருமுறை, பங்குனியில் ஒருமுறை கோடு போட்டால் என் மாடியில் நான் கோட்டைவிட்டதை அவர்கள் பிடித்துவிடுவார்கள்.

ஐப்பசி, கார்த்திகை மழையிலும் மார்கழி மூடுபனியிலும் இதை வைக்காதீர்கள். தை கடைசிக்கு மேல் இரண்டு தேதி ஹெச்.எம்.மிடம் வாங்கிக்கொள்ளுங்கள். முதல் தேதியில் மேகம் மூடினால் குறளோடும் செய்தியோடும் வழிபாட்டை முடித்துவிட்டு இரண்டாவது தேதிக்குத் தள்ளுங்கள். ஒளித்து வைத்த பேட்டரியில் பம்பை ஓட்டிக் காட்டுவது மட்டும் வேண்டாம்.