லீஸா, சொந்தமா: ஐந்து வருடம் கழித்து அந்த மிஷின் என்ன விலைக்குப் போகும்?

கேள்வி: வணக்கம் ஐயா. நானும் என் கணவரும் பிறையில் முறுக்கு, மிக்சர் செய்து கடைகளுக்குப் போடுகிறோம். சென்டிரியான் பெர்ஹாட்டாகப் பதிந்திருக்கிறோம். வரிக்குரிய வருமானம் வருடத்துக்கு 250,000 வெள்ளி அளவில் வருகிறது. பாக்கெட் போடும் மிஷின் ஒன்று வேண்டும். விலை 60,000 வெள்ளி. லீஸுக்கு எடுத்தால் மாதம் 1,250, ஐந்து வருடம், சர்வீஸும் அதிலேயே அடக்கம், முடிவில் மிஷினைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். வங்கி 3.8 விழுக்காட்டு நிலையான வட்டியில் ஐந்து வருடக் கடன் தருகிறது. “லீஸ் பணம் முழுக்கச் செலவுக் கணக்கில் போகும், வாங்கினால் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கழியும்” என்கிறார் விற்பனையாளர். என்ன செய்யலாம்?
— ஒரு வாசகி, பிறை

பதில்: விற்பனையாளர் பொய் சொல்லவில்லை அம்மா. ஆனால் பாதியைத்தான் சொல்லியிருக்கிறார். செலவுக் கணக்கில் போகிற ஒவ்வொரு வெள்ளியும் உங்களுக்குத் திரும்பி வருவதில்லை. உங்களைப் போன்ற சிறு நிறுவனத்துக்கு முதல் 150,000 வெள்ளி வருமானத்துக்கு 15 விழுக்காடு வரி, அதற்கு மேல் 600,000 வரை 17 விழுக்காடு. உங்கள் வருமானத்தின் மேல்பகுதி அந்த 17-இல் இருக்கிறது. ஆகவே ஒரு வெள்ளி வாடகை கட்டினால் மிச்சமாவது 17 காசு. மீதி 83 காசு உங்கள் கையிலிருந்துதான் போகிறது.

அடுத்தது வட்டி. 3.8 என்று கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அது முதலில் வாங்கிய முழுத் தொகைக்கும் ஐந்து வருடமும் போடுகிற வட்டி. நீங்களோ மாதாமாதம் அசலைக் குறைத்துக்கொண்டே வருகிறீர்கள். குறைந்துவரும் பாக்கிக்குக் கணக்கிட்டால் அது ஏறக்குறைய 7 விழுக்காடு. அந்த வட்டியும் வரியில் கழிவதால், 7-ஐ 0.83-ஆல் பெருக்க 5.8 வருகிறது. இந்த 5.8-ஐ வைத்துத்தான் இரண்டு வழிகளையும் ஒரே தராசில் போட வேண்டும். அதாவது, அடுத்த வருடம் கட்ட வேண்டிய 1,000 வெள்ளிக்கு இன்று 945 ஒதுக்கினால் போதும். ஐந்தாம் வருடத்து 1,000-க்கு 754 போதும். இன்றைய மதிப்பு என்பது இவ்வளவுதான்.

லீஸை முதலில் பார்ப்போம். வருடத்துக்கு 15,000, வரி மிச்சம் போக 12,450. எக்செலில் இப்படிப் போடுங்கள்:

```
=NPV(0.058,12450,12450,12450,12450,12450)
```

சுமார் 52,700 வெள்ளி வரும்.

இனி வாங்குவது. இன்று 60,000 போகிறது. இத்தகைய இயந்திரத்துக்கு முதல் வருடம் தொடக்கக் கழிவு 20 விழுக்காடும் வருடாந்திரக் கழிவு 14 விழுக்காடும் சேர்ந்து 20,400 வெள்ளி கழிக்கலாம். பிறகு வருடத்துக்கு 8,400. இவற்றில் 17 விழுக்காடுதான் உங்கள் மிச்சம்: முதல் வருடம் 3,468, அடுத்த நான்கு வருடங்களும் 1,428. இன்றைய மதிப்பில் மொத்தம் சுமார் 8,000. சொந்த மிஷின் என்பதால் சர்வீஸ் உங்கள் தலையில். முதல் வருடம் உத்தரவாதம் இருக்கும். பிறகு வருடம் 1,800 என்று வைத்தால், வரி போக இன்றைய மதிப்பில் 4,900.

கடன் தவணையையும் இதில் சேர்த்துவிடாதீர்கள். அந்த வட்டியைத்தான் 5.8-ஆக ஏற்கெனவே எடுத்துக்கொண்டோம். தவணையையும் கூட்டினால் வட்டி இரண்டு முறை விழுந்து, வாங்குவது வீணாக நஷ்டமாகத் தெரியும். நான் பார்க்கிற கணக்குகளில் அதிகம் வருகிற பிழை இதுதான்.

இப்போது ஐந்து வருடம் முடிந்து மிஷினை 12,000-க்கு விற்கிறீர்கள் என்று வையுங்கள். வரிக் கணக்கில் அதன் மீதி 6,000. அதற்கு மேல் கிடைத்த 6,000 உங்கள் வருமானத்தோடு சேரும், 1,020 வரி வரும். அது போக இன்றைய மதிப்பு 8,300. ஆக, 60,000-இல் 8,000 கழித்து, 4,900 கூட்டி, 8,300 கழித்தால் 48,600. லீஸைவிட 4,100 வெள்ளி குறைவு.

வாங்கிவிடலாம் என்று இங்கேயே முடிவு செய்துவிட வேண்டாம். அந்த 12,000 நான் போட்ட எண். விற்பனையில் ஒன்றுமே தேறவில்லை என்று வையுங்கள். மீதி 6,000-ஐ வரியில் கழித்துக்கொண்டாலும் வாங்கும் செலவு 56,200 ஆகிவிடும். அப்போது லீஸ்தான் 3,500 மலிவு. இரண்டும் சமமாகும் இடம் 5,500 வெள்ளி விற்பனை விலை. வாடகையை வருடக் கடைசியில் அல்ல, மாதாமாதம் கட்டுகிறீர்கள் என்பதைச் சரியாகச் சேர்த்தால் லீஸ் பக்கம் இன்னும் 1,600 போல ஏறும். அப்போது சமமாகும் விலை 3,000-க்குப் பக்கம் இறங்கும். உங்கள் கேள்வி வரியைப் பற்றியதாகத் தோன்றினாலும், முடிவைத் தீர்மானிப்பது இந்த ஒரு எண்தான்.

ஆகவே கணக்காளரைப் பார்ப்பதற்கு முன், பழைய மிஷின் வாங்கி விற்கிற இரண்டு மூன்று பேருக்குப் போன் போடுங்கள். இதே மாடலில் ஐந்து வருடம் ஓடியதை என்ன விலைக்கு எடுப்பீர்கள் என்று கேளுங்கள். விற்கிற விலையைக் கேட்காதீர்கள். பட்டர்வொர்த்தில் என் அண்ணன் தன் பழைய மிஷினை விற்றபோது நான் பக்கத்தில் இருந்தேன். வந்தவர் பெயின்டைப் பார்க்கவே இல்லை. பாக்கெட்டை ஒட்டும் சூடான தாடையைத் திறந்து, இடுக்கில் கருகிப் படிந்திருந்த முறுக்குத் தூளையும் எண்ணெயையும் விரலால் சுரண்டினார். தாடை தேய்ந்து ஓரம் சரியாக ஒட்டவில்லை என்று காட்டி, பேசிய விலையில் நேர்பாதியைக் குறைத்துவிட்டார். அண்ணனால் மறுக்க முடியவில்லை. எண்ணெய்ப் பண்டத்துக்கு ஓடும் மிஷினில் தாடையைத் தினமும் துடைக்க ஆள் உண்டா என்பதும் இந்தக் கணக்கில் சேர்ந்ததுதான்.

மிஷினை எட்டு, பத்து வருடம் ஓட்டுவோம் என்று உறுதியாகத் தெரிந்தால் வாங்குங்கள். ஐந்தாம் வருடத்துக்குப் பிறகு வாடகை இல்லை, மிஷின் இருக்கும். இரண்டு வருடத்தில் பெரிய மிஷின் தேவைப்படலாம் என்றால் இரண்டு வழியிலும் சிக்கல்: வாங்கி இரண்டு வருடத்துக்குள் விற்றால் கழித்துக்கொண்ட தொகையை வரி வாரியம் திரும்பக் கணக்கில் சேர்க்க இடமுண்டு, லீஸைப் பாதியில் முறித்தால் மீதி வாடகையைக் கேட்பார்கள்.

வங்கி தருவது சாதாரணக் கடனா, வாடகைக் கொள்முதலா என்று பாருங்கள். வாடகைக் கொள்முதல் என்றால் அந்தந்த வருடம் கட்டிய அசலுக்குத்தான் கழிவு, முழு 60,000-க்கும் முதல் வருடமே கிடைக்காது. உங்கள் வரி விகிதத்தில் இதனால் வரும் வித்தியாசம் சில நூறு வெள்ளிதான்.

லீஸ் தாளில் மூன்று இடங்களைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். முதலாவது, பாதியில் நிறுத்தினால் எவ்வளவு என்ற வரி. இரண்டாவது, முடிவில் சொற்ப விலைக்கு மிஷினை உங்களுக்கே கொடுப்பதாக எழுதியிருக்கிறதா என்பது; இருந்தால் வரி வாரியம் அதை லீஸாக அல்லாமல் விற்பனையாகவே எடுத்துக்கொள்ளக்கூடும், விற்பனையாளர் சொன்ன முழுக் கழிவும் போய்விடும். மூன்றாவது, அந்த 1,250-இல் சேவை வரி அடக்கமா என்பது. வாடகை, லீஸ் சேவைகள் 2025 ஜூலை முதல் சேவை வரிக்குள் வந்துவிட்டன. சிறு வணிகங்களுக்கு விலக்கு வரம்பு உண்டு. உங்கள் வருட விற்பனையைச் சொல்லி, அது உங்களுக்குப் பொருந்துமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பொருந்தாவிட்டால் கூடுகிற தொகையை 1,250-உடன் சேர்த்து, மேலே உள்ள கணக்கை மறுபடி போட்டுப் பாருங்கள்.