டயர் பக்கவாட்டில் வீக்கம்: பின் சக்கரத்துக்கு மாற்றி ஓட்டலாமா?

கேள்வி: பள்ளத்தில் விழுந்த மறுநாள் காரின் முன் டயர் பக்கவாட்டில் பாதி எலுமிச்சை அளவுக்கு ஒரு வீக்கம் தெரிகிறது. காற்று குறையவில்லை. பின் சக்கரத்துக்கு மாற்றிப் போட்டால் ஓடும் என்கிறார் கடைக்காரர். சென்னையிலிருந்து சேலம் போய்வந்த பிறகு புது டயர் வாங்கலாமா?

வேண்டாம். ஸ்டெப்னியை மாட்டி, நேராக டயர் கடைக்குப் போங்கள்.

டயர் கடையில் வேலை பார்ப்பதால் இந்த வீக்கத்தை அடிக்கடி பார்க்கிறேன். எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: "காத்து இறங்கலையே." காற்று இறங்காததுதான் இதில் ஆபத்து. டயருக்குள் காற்றைத் தாங்குவது ரப்பர் இல்லை, அதற்குள் ஓடும் நூலிழைகள். தரையில் உருளும் பகுதிக்கு அடியில் கம்பிப் பட்டைகளும் உண்டு. பக்கவாட்டிலோ பெரும்பாலும் ஓரிரு அடுக்கு பாலியஸ்டர் நூல்தான். பள்ளத்தின் விளிம்புக்கும் ரிம்முக்கும் நடுவில் டயர் நசுங்கும்போது அந்த நூல்கள் அறுந்துவிடும். காற்று குறைவாக இருந்தால் இன்னும் சுலபமாக அறும். உள்ளே காற்றைப் பிடித்து வைக்கும் ரப்பர் அடுக்கு மட்டும் கிழியாமல் இருக்கும், அது வெளியே பிதுங்குகிறது.

உங்கள் வீக்கம் 5 செ.மீ. நீளம், 4 செ.மீ. அகலம் என்று வைத்துக்கொள்வோம். 33 பிஎஸ்ஐ காற்று அந்த இடத்தை ஏறக்குறைய 46 கிலோ பாரத்துக்குச் சமமாகத் தள்ளுகிறது, தாங்குவது வெறும் ரப்பர். இதோடு சக்கரம் ஒவ்வொரு சுற்றிலும் அந்த இடத்தை மடக்கி நிமிர்த்தும். 185/65 R15 டயர் ஒரு கிலோமீட்டருக்கு 500 தடவைக்கு மேல் சுற்றும். பக்கத்து நூல்கள் கூடுதல் பாரம் ஏறி ஒவ்வொன்றாக அறும், சூடு ஏறும், வீக்கம் பெரிதாகும். எப்போது வெடிக்கும் என்று வெளியிலிருந்து பார்த்து யாராலும் சொல்ல முடியாது.

உள்ளே பேட்ச் வைத்தால் காற்று கசிவது நிற்கும், அறுந்த நூல் ஒட்டாது. காற்றைக் குறைத்து ஓட்டினால் பக்கவாடு இன்னும் அதிகமாக மடங்கும், அதுவும் கெடுதல்தான். பின்னால் மாற்றுவதை நான் ஒத்துக்கொள்ளவே மாட்டேன். வேகத்தில் பின் டயர் வெடித்தால் வண்டியின் வால்பக்கம் சறுக்கிச் சுழலும், ஸ்டியரிங்கால் அதைப் பிடிப்பது ரொம்பக் கஷ்டம்.

ஒன்றை மட்டும் உறுதி செய்துகொள்ளுங்கள். ரிம்மிலிருந்து மேல்நோக்கி ஒரு கோடுபோல உள்ளே குழிந்திருந்தால், பெரும்பாலும் அது நூல் அடுக்கின் இரு முனைகள் ஒன்றன்மேல் ஒன்று சேரும் இடம். அதற்குப் பயமில்லை. வெளியே புடைத்திருந்தால் மாற்றியே ஆக வேண்டும்.

கடையில் டயரைக் கழற்றும்போது ரிம்மைச் சுழற்றி வளைவு இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். மற்ற மூன்று டயர்களில் காரின் உள்பக்கம் பார்த்திருக்கும் பக்கவாட்டையும் கையால் தடவிப் பாருங்கள், அங்கே புடைத்திருந்தால் நின்று பார்ப்பவர் கண்ணுக்குத் தெரியாது. அப்புறம், கழற்றிய டயரை ஸ்டெப்னியாக வைத்துக்கொள்ள வேண்டாம், வேறு யாருக்கும் விற்கவும் வேண்டாம். பக்கவாட்டைக் கத்தியால் கீறிவிட்டுக் கழிவில் போடச் சொல்லுங்கள்.