நஷ்டக் கணக்குக் காட்டும் மசாலா ஆலையை ஏன் தொடங்கலாம் என்கிறார்கள்?

கேள்வி: டர்பனில் மசாலா அரைக்கும் ஆலை போட 10 லட்சம் ராண்ட் வேண்டும். வருங்கால வரவை இன்றைய மதிப்புக்குக் குறைத்து அதிலிருந்து முதலீட்டைக் கழிக்கும் என்பிவி கணக்கில் நஷ்டம் வருகிறது. பிறகும் "விலகும் வாய்ப்புக்கு மதிப்பு உண்டு" என்கிறார்களே, எப்படி?

பதில்: ஓராண்டு கழித்து ஆலையின் மதிப்பு 15 லட்சம் அல்லது 5 லட்சம், இரண்டுக்கும் சம வாய்ப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். சராசரி 10 லட்சம்; ஆண்டுக்கு 10% வீதம் குறைக்க 1.10 ஆல் வகுத்தால் இன்று 9.09. என்பிவி −0.91 லட்சம்.

இந்தக் கணக்கு, வியாபாரம் படுத்தாலும் நீங்கள் கையைக் கட்டிக்கொண்டு இருப்பீர்கள் என்று எடுத்துக்கொள்கிறது. இயந்திரங்களை அப்போது 8 லட்சத்துக்கு விற்க முடியுமானால் 5 இருந்த இடத்தில் 8 வரும். சராசரி 11.5, இன்று 10.45, என்பிவி +0.45. வித்தியாசமான 1.36 லட்சம்தான் விலகும் வாய்ப்பின் விலை. (வாய்ப்பின் ரிஸ்க் வேறு என்பதால் 10% இங்கே தோராயமே.)

விரிவாக்கமும் இப்படித்தான்: நல்ல நிலையில் மட்டும் இன்னும் 4 லட்சம் போட்டு 7.5 லட்சம் மதிப்பு சேர்க்கலாம் என்றால், அந்த 3.5 லட்ச லாபமும் பாதி வாய்ப்போடு கணக்கில் ஏறும்.

பலர் சறுக்குவது அந்த 8 லட்சத்தில். மீதமுள்ள லீஸ் வாடகை, ஆட்குறைப்பில் ஊழியர் வேலை செய்து முடித்த ஒவ்வோர் ஆண்டுக்கும் குறைந்தது ஒரு வாரச் சம்பளம், இயந்திரத்தைக் கழற்றும் கூலி எல்லாம் கழிய வேண்டும். கைக்கு வருவது 7 லட்சத்துக்குக் கீழே போனால் திட்டம் மறுபடி நஷ்டம்தான். ஆகவே லீஸில் இடையில் முறிக்கும் விதியை முதலில் பேசி வாங்குங்கள்.