பாதமும் பாட்டும் சேரவேண்டும்

கேள்வி: மகளின் ஜதிஸ்வரத்தைக் காரைக்குடியில் எங்கள் பழைய வீட்டு முற்றத்தில் மொபைலில் எடுத்தோம். பாதம் வெட்டுப்படுகிறது. தெளிவான பாட்டைச் சேர்த்தால் தட்டு தாளத்துக்குப் பின்னால் விழுகிறது. கண்ணாடி முன் நன்றாக ஆடியவள் வீடியோவில் கீழே பார்க்கிறாள். எப்படிச் சரிசெய்வது?

பதில்: மகளைத் தாழ்வாரத்தில் ஆடவிட்டு, மொபைலை முற்றத்தில் முக்காலியில் வையுங்கள். சுமார் 15 அடி தள்ளி, மொபைலைக் கிடைமட்டமாக வைத்தால் ஏறக்குறைய 10 அடி உயரம் படத்தில் அடங்கும். தூக்கிய கைகளும் பாதமும் தாராளமாகக் கொள்ளும். இடம் போதவில்லை என்று கேமராவை 0.5 ஜூமுக்கு மாற்றாதீர்கள். ஓரத்துக்கு நகரும்போது கை கால்கள் இழுபட்டதுபோல் தெரியும்.

உயரத்தில்தான் பலர் தவறுகிறார்கள். நின்றபடி கையில் பிடித்து, குனித்து எடுத்தால் கால்கள் குட்டையாகி, அரைமண்டியின் ஆழமே தெரியாது. லென்ஸ் அவள் நிற்கும் தரையிலிருந்து மூன்றேகால் அடி உயரத்தில், சாயாமல் நேராக இருக்கட்டும். முற்றம் தாழ்வாரத்தைவிடப் பள்ளமாக இருக்குமே, அந்த அளவையும் முக்காலியில் கூட்டிக்கொள்ளுங்கள். தூண்கள் மறைக்காத அகலத்தைச் சுண்ணக்கட்டியால் தரையில் குறித்துவிடுங்கள். முற்றத்தில் வெயில் விழும் நேரத்தைத் தவிருங்கள். அந்த வெளிச்சத்துக்கு ஏற்பக் கேமரா தன்னைச் சரிசெய்துகொண்டால் தாழ்வாரத்தில் ஆடுபவள் இருண்டுபோவாள்.

இனி பாட்டு. கண்ணால் பார்த்து அதைப் பொருத்த முயல்வதே சிக்கலுக்குக் காரணம் என்று நினைக்கிறேன். படமெடுக்கும்போது ஸ்பீக்கரை அவள் அருகில் வைத்து, மொபைலிலும் அந்த ஒலி பதியட்டும். அவள் ஆடியது காதில் விழுந்த அந்தப் பாட்டுக்குத்தான். ஆகவே, புளூடூத் ஸ்பீக்கர் சற்றுத் தாமதமாக ஒலித்தாலும் கவலையில்லை. எடிட்டிங்கில் தெளிவான பாட்டை, மொபைலில் பதிந்த ஒலிக்குக் கீழே வைத்து, இரண்டின் ஒலி அலைவடிவங்களிலும் முதல் மிருதங்க அடியின் கூர்முனைகள் நேர்கோட்டில் வரும்படி நகர்த்துங்கள். இரண்டையும் சேர்த்து ஒலிக்கவிட்டால், பொருந்தாதபோது ஒவ்வொரு அடியும் இரட்டையாகக் கேட்கும், பொருந்தியதும் ஒன்றாகிவிடும். கடைசித் தீர்மானத்திலும் இதேபோல் சோதியுங்கள். அங்கே விலகியிருந்தால், இடையில் அவள் அசையாமல் நிற்கும் ஓர் இடத்தில் படத்தை வெட்டி, பின்பகுதியை மட்டும் நகர்த்துங்கள். பிறகு மொபைல் ஒலியை அடியோடு நீக்காமல், சலங்கை மெல்லக் கேட்கும் அளவுக்குக் குறைத்தால் போதும். சலங்கை ஒலியில்லாத நாட்டியப் படம் எனக்கு ஊமையாகவே தோன்றும்.

பார்வை தாழ்வது கண்ணாடிப் பழக்கத்தால். அதில் தன் அரைமண்டியையும் பாதத்தையும் சரிபார்த்துப் பழகிய கண், கண்ணாடி இல்லாத இடத்திலும் அங்கேயே போகிறது. கடைசி ஒரு வாரம் கண்ணாடிக்கு முதுகு காட்டி ஆடட்டும். எடுக்கும் நாளில் கேமராவுக்கு நேர் பின்னால், எதிர்த் தாழ்வாரத் தூணில், அவள் கண் உயரத்துக்கு ஒரு பொட்டு ஒட்டுங்கள். நேர்ப்பார்வைக்கு அதுவே இலக்கு. பின்பக்கக் கேமராவையே பயன்படுத்துங்கள். சில மொபைல்களின் முன்பக்கக் கேமரா படத்தை இடவலம் மாற்றிச் சேமிப்பதால், வலக்காலில் தொடங்கும் அடவு இடக்காலில் தொடங்குவதாகத் தெரியும்.